கோடு சரிந்த இடம்

“அக்கா, இதோட நிறுத்திக்கலாம்” என்று என் தங்கை சொன்னபோது நான் தாலி கட்டும் இடத்தில் பூத் தூவிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில்தான். கல்யாண வீடியோ எடிட்டிங் என் பிழைப்பு. காரைக்கால் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவுக்கு வேலை செய்துவிட்டு, பிறகு கோட்டுச்சேரியில் வீட்டு மாடி அறையிலேயே மெஷின் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அதே அறையின் மறு பாதியில் தங்கையின் கட்டிங் டேபிள்.

“எத நிறுத்தணும்?” என்றேன், திரும்பாமல்.

“சேனல. கோட்ட வந்து பாரு.”

கோடு என்றால் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அவள் ரவிக்கை தைக்கச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களை நான் எடுத்து, வெட்டி, ஏற்றுகிறேன். சேனலின் உள்பக்கத்தில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு வரும். பார்க்க வந்தவர்களில் எந்த இடம் வரைக்கும் எவ்வளவு பேர் இருந்தார்கள் என்று அது காட்டும். முதல் அரை நிமிஷத்தில் எல்லார் வீடியோவிலும் அது சட்டென்று இறங்கும், தப்பாக வந்து நுழைந்தவர்கள் கிளம்புகிற இறக்கம் அது. அப்புறம் மெல்லச் சரியும். நடுவில் எங்கேயாவது செங்குத்தாக விழுந்தால் அங்கே ஏதோ ஆளை விரட்டுகிறது. மேடு தெரிந்தால், அந்த இடத்தைப் பின்னால் தள்ளித் திரும்பப் பார்க்கிறார்கள்.

அன்று அவள் காட்டிய கோட்டில், கைக்குழியை, அதாவது ரவிக்கையில் கை சேரும் வளைவை, வெட்டும் இடத்தில் ஒரு சின்ன மேடு, அதை ஒட்டி ஒரு பள்ளத்தாக்கு. அதற்கு முந்தின பாடத்தில் பார்த்தேன். அங்கேயும் அப்படியே. அதற்கும் முந்தினதிலும் அப்படியே.

“பாத்தியா? எல்லாத்துலயும் என் கை வர்ற எடத்துலதான் விழுது” என்றாள்.

அவள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கையிலும் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு தாண்டி வெண்புள்ளி. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் தொடங்கியது, அதோடு புருஷன் வீட்டை விட்டு என்னோடு வந்துவிட்டாள். அடுத்தவருக்கு ஒட்டாது, ஒரு வலியும் கிடையாது. ஆனால் ஊருக்கு அதையெல்லாம் யார் சொல்வது? கீழே கடை வைத்திருந்தபோது ரவிக்கைத் துணி கொடுத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக, “அவசரமில்ல, அப்பறம் குடுக்குறேன்” என்று துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். ஒருத்தி துணியை நுனியில் பிடித்து வாங்கினாள். அந்த ஒருத்தியை இன்றைக்குக் கடைத்தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடையை மூடின பிறகு சேனல் என் யோசனை. “போன்ல யாரும் உன்னத் தொடப்போறதில்ல, வாடி” என்று இழுத்து வந்தேன். வந்தாள். ஆனால் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும், “அக்கா, அந்த லைட்டக் கொஞ்சம் தள்ளி வையி” என்பாள்.

“கைன்னு யாரு சொன்னா? கோடு சொல்லுச்சா?” என்றேன்.

“அதான் சொல்லுதே.”

“அது எடத்தச் சொல்லுது. காரணத்தச் சொல்லல.”

சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பினேன். அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தேன். முதலில் அளவு சார்ட் வருகிறது. என் கைவண்ணம்: மெரூன் வெல்வெட் பின்னணி, தங்க எழுத்து, ஓரத்தில் கொடி, எட்டு விநாடிக்கு வீணை. நீளம், தோள், கைக்குழி, மார்புச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து என்று அத்தனை அளவும் ஒரே பக்கத்தில். அது மறைந்ததும் அவள் கை கத்தரிக்கோலோடு கிட்டத்தில் வருகிறது. இருபது நிமிஷப் பாடத்தை அந்தக் கோடு துண்டு துண்டாகத்தான் அளக்கும், ஒரு துண்டுக்குள் பத்துப் பன்னிரண்டு விநாடி அடங்கிவிடும். சார்ட்டும் கையும் ஒரே துண்டுக்குள் கிடந்தன. எதைப் பார்த்து ஆள் கிளம்பினான் என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

“ஒன்னு சார்ட்டு, இல்ல கை” என்றேன்.

“சார்ட்டு அழகா இருக்குக்கா. யாரு அதப் பாத்து ஓடுவா?”

அழகாகத்தான் இருந்தது. என் பெரிய மானிட்டரில் பார்த்தால் அட்சதை போடலாம் போல இருந்தது. அந்த சார்ட்டைச் சந்தேகப்பட எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் அவள் கையைச் சந்தேகப்படுவதற்கு நூறு மடங்கு மனசு வரவில்லை.

எதில் பார்க்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலும் போன். டிவியில் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்கள் சராசரியாக நெடுநேரம் இருந்தார்கள். “பாரு, டிவிலயும் அதே கைதான் தெரியுது, இன்னும் பெருசாத் தெரியுது. அவங்க போகலையே” என்று துள்ளினேன்.

“டிவி முன்னாடி ஒக்காந்தவங்க எதுக்கும் எந்திரிக்க மாட்டாங்கக்கா. அது ஒரு கணக்கா?”

அதுவும் நியாயம்தான். டிவிக்காரர்கள் எந்த வீடியோவிலும் அப்படித்தான். என் தங்கை கண்ணீர் விட்டாலும் கணக்கில் ஏமாறமாட்டாள், அளவெடுக்கிறவள்.

பிறகு கமென்டுகளைத் தோண்டினேன். கை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதை அவளிடம் சொன்னால், “மூஞ்சிக்கு நேரா யாரு சொல்லுவா?” என்பாள் என்று தெரியும். ஒரு கமென்ட் மட்டும் உறுத்தியது: ‘நீங்க சொன்ன மாதிரிதான் வெட்டினேன், கை ஏறவே மாட்டேங்குது.’ எழுதியவளுக்குப் பதில் போட்டு, நம்பர் வாங்கிப் பேசியபோது கோட்டுச்சேரிமேடு என்றாள். அடுத்த தெரு மாதிரி. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். அவள் முப்பதை எட்டாத பெண், வாசலில் காய்ந்த வலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, “உள்ள வாங்கக்கா” என்றாள். தப்பாகிப் போன ரவிக்கையைக் காட்டினாள். கைக்குழி அரை இன்ச் குறைவு.

“எப்படிப் பாத்து வெட்டுனீங்க? அப்படியே செஞ்சு காட்டுங்களேன்” என்றேன்.

அவள் தரையில் துணியை விரித்தாள். போனைக் கையில் வைத்துக்கொள்வாள் என்று நான் நினைத்திருந்தேன். நான் ஒவ்வொரு வீடியோவையும் ஏற்றுவதற்கு முன் என் போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, முகத்துக்கு நேரே வைத்துத்தான் சரிபார்ப்பேன். அவளோ போனை நிமிர்த்தி அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாள். துணியைத் தாண்டி, கை எட்டுவதற்குக் கொஞ்சம் அப்பால். நின்றவாக்கில் இருந்த போனில் வீடியோ மேலே ஒரு பட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. சார்ஜ் நிற்காத போன், வெளிச்சத்தையும் குறைத்து வைத்திருந்தாள்.

“படுக்க வச்சா பெருசாத் தெரியுமே?”

“லாக் போட்டு வச்சிருக்கேங்க. படுத்துக்கிட்டுப் பாக்கையில அது திரும்பித் திரும்பித் தொலையுது.”

வீணை ஒலித்தது. என் சார்ட் வந்தது. நான் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். தங்கத் தூசி தெரிந்தது. அவள் ஒரு கையில் துணியில் கோடு போடும் சாக்கையும் இன்னொரு கையில் இன்ச் டேப்பையும் வைத்துக்கொண்டு, முட்டிபோட்டு நகர்ந்து, விரல் முட்டியால் திரையின் இடது பக்கம் இரண்டு தட்டுத் தட்டினாள். பத்து விநாடி பின்னால் போனது. மறுபடி வீணை. மறுபடி தட்டல்.

“அஞ்சேகாலா, அஞ்சேமுக்காலாங்க இது? அக்கா அந்த எடத்துல வாயத் தொறந்தும் சொல்ல மாட்டேங்குறாங்க, பாட்டுதான் வருது. நான் அஞ்சேகால்னு வச்சுக்கிட்டேன்.”

ஐந்தே முக்கால். திரையில் 5¾. அந்த முக்கால் என் மானிட்டரில் கட்டைவிரல் அகலம், இங்கே எறும்புக்கும் சின்னது. அளவை வாய்விட்டுப் படிக்க வேண்டாம், இழுவையாக இருக்கும், வீணை போட்டுக்கொள்ளலாம் என்று தங்கையிடம் சொன்னவளும் நான்தான்.

“அப்பறம் என்ன பண்ணீங்க?”

“வெறுத்துப்போயி அமத்திட்டேன்.”

முதலில் மேடு, ஒட்டினாற்போல் பள்ளம். இரண்டும் என் கண் முன்னால் நடந்தன. பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தங்கை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். “என் கையப் பத்திக் கேட்டியா?”

“கேக்கல.”

“ஏன்?”

“கேட்டா நல்லதாத்தான் சொல்லுவா. அத நீ நம்புவியா?”

“நம்ப மாட்டேன். இதையும் நம்பல. ஒருத்தி சார்ட்டால போயிருக்கா, சரி. மிச்ச பேரு?” துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். “நீ வேணா ஒன்னு பண்ணு. கையே இல்லாம படம் வரைஞ்சு ஓட்டு. எல்லாம் பொம்மையாவே வரட்டும். இல்லன்னா நிறுத்திடு. சுரக்குடில சித்தி வீட்டோட போயி இருந்துக்குறேன், வயல் வேலையாச்சும் பாக்குறேன். அங்க எல்லாருக்கும் கை சேறுதான்.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவள்மேல் இல்லை, அந்தக் கோட்டின்மேல். இவள் கையை ஊர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லி ஒதுக்கியாயிற்று. இப்போது இந்தக் கோடும் வந்து சேர்ந்துகொண்டது என்று அவள் நினைக்கிறாள். அது அப்படிச் சொல்லவே இல்லை என்று அவளுக்குக் காட்டாமல் நான் விடப்போவதில்லை.

“இன்னும் ஒரே ஒரு பாடம்” என்றேன். “கையத் தனியா வைக்கிறேன், சார்ட்டத் தனியா வைக்கிறேன். நடுவுல பல நிமிஷம் எடவெளி. கை வர்ற எடத்துல கோடு விழுந்துச்சுன்னா நானே சேனல மூடுறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா. ஆனா லைட்டு நான் சொன்ன எடத்துலதான் நிக்கும்.”

அதற்குத்தான் அவள் அதிகம் யோசித்தாள்.

பஃப் கை ரவிக்கைப் பாடம் எடுத்தோம். தொடக்கத்தில் அவள் முகம், பேச்சு. எல்லாரும் வழக்கமாகக் கிளம்புகிற அந்த முதல் அரை நிமிஷத்தில் கையைக் காட்டக்கூடாது, காட்டினால் அந்தப் பழியும் கைமேல் விழும். கோடு சமநிலைக்கு வந்த பிறகு, கை மட்டும், நல்ல வெளிச்சத்தில், முழுத்திரைக்கு. துணியை எப்படி மடிப்பது, சாக்கை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, வளைவில் கத்தரி எப்படித் திரும்ப வேண்டும். எழுத்தே கிடையாது. அதற்கப்புறம் லைனிங், இஸ்திரி என்று கையைத் தூரத்தில் வைத்துக் கொஞ்சம் ஓட்டிவிட்டு, அப்புறம் பழைய சார்ட். அதே வெல்வெட், அதே வீணை. தெரிந்தே ஒரு கெட்ட சார்ட்டை ஏற்றுவதற்குக் கை கூசியது. ஆனால் அதையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது எதனால் என்று மறுபடி குழம்பும்.

ஏற்றியதும் அவள் மணிக்கொரு தரம் போனை எடுத்தாள். பிடுங்கி வைத்தேன். பத்துப் பேர் பார்த்த கோட்டை நம்ப முடியாது, ஒருத்தி குழந்தை அழுகிறது என்று எழுந்து போனாலே அது குப்புற விழும். பழைய பாடங்கள் அளவுக்கு ஆள் சேரட்டும் என்று காத்திருந்தோம். அந்த நாட்களில் நான் போட்ட கல்யாண டைட்டில்களில் மாப்பிள்ளை பெயர் இரண்டு தடவை தப்பாகப் போனது.

ஒரு காலை, காபி ஆறுவதற்குள் இருவரும் சேர்ந்து திறந்தோம். முதலில் நான் பார்த்தது கடைசிப் பகுதியை. சார்ட் வந்த இடத்தில் மேடு, ஒட்டியே பள்ளத்தாக்கு. கை பக்கத்தில் இல்லாமலேயே.

“பாரு” என்றேன். அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். “கையே இல்ல அங்க.”

அவள் அதைப் பார்க்கவில்லை. முன்பகுதியில் விரலை வைத்திருந்தாள். கை வந்த அந்த நிமிஷங்களில் கோடு விழவில்லை. ஆனால் கத்தரி வளைவில் திரும்பும் இடத்தில் அங்கேயும் ஒரு மேடு இருந்தது.

“இது என்னக்கா?”

“திரும்பப் பாத்துருக்காங்க.”

“அதான். என்ன வியாதின்னு உத்துப் பாத்துருக்காங்க. வேடிக்க.”

போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. கோடு விழுந்தால் அருவருப்பு, ஏறினால் வேடிக்கையா? இவள் கைக்கு எந்த வழியிலும் விடுதலையே கிடையாதா? வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று காபியைக் குடித்தேன். பிறகு மெதுவாகச் சொன்னேன்.

“ரெண்டு மேட்டையும் பக்கத்துல வச்சுப் பாரு. மேட்டப் பாக்காத, மேட்டுக்கு அந்தாண்ட பாரு. சார்ட்டு மேட்டுக்கு அந்தாண்ட ஆளு இல்ல. திரும்பத் திரும்பப் பாத்தும் புரியல, போயிட்டாங்க. இங்க பாரு, கை மேட்டுக்கு அந்தாண்ட கோடு அப்படியே நிக்குது. திரும்பப் பாத்தாங்க, கெடச்சுது, அடுத்ததுக்குப் போனாங்க. வேடிக்க பாக்க வந்தவ, லைனிங் இஸ்திரி பண்றதையும் ஒக்காந்து பாப்பாளா?”

அவள் அந்த இரண்டு மேட்டையும் விரலால் மாறி மாறித் தொட்டாள். “சார்ட்ட மாத்து” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

மாற்றினேன். வெல்வெட் போனது, கொடி போனது, தங்கம் போனது. மனசு கேட்கவில்லைதான், தொழில் புத்தி. ஒரு நேரத்தில் ஒரே அளவு. அதுவும் தனிப் பக்கமாக இல்லை, அவள் அந்த அளவைச் சாக்கால் குறிக்கிற அதே நேரத்தில், கைக்கு மேலே, கறுப்புப் பட்டையில் வெள்ளை எண்ணாக. எண்ணோடு ‘முக்கால்’ என்று எழுத்திலும். தமிழ்ச் சொல் நீளம், ஒரே வரியில் அடைத்தால் எழுத்து தானாகச் சிறுத்துவிடும். அதனால் ‘கைக்குழி’ ஒரு வரி, அளவு அடுத்த வரி, அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. கீழ்ப் பக்கத்தைக் காலியாக விட்டேன், போனைத் தட்டினால் ஓடுகிற பட்டை அங்கேதான் வந்து உட்காரும். அவள் சாக்கால் குறித்து முடிக்கும்வரை எண் அப்படியே நிற்கும். அதை அவள் வாய்விட்டு இரண்டு தடவை சொல்வாள். வீணையைக் கல்யாணக்காரர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சரிபார்ப்பதையும் மாற்றினேன். வீட்டில் கிடந்த கீறல் விழுந்த பழைய போனில் வெளிச்சத்தைக் குறைத்து, நின்றவாக்கில் அரிசி டப்பாவில் சாய்த்து, தரையில் துணிக்கு இந்தப் பக்கம் முட்டிபோட்டு உட்கார்ந்து படித்தேன். படிக்க முடியாததை மறுபடி மேலே போய்ப் பெரிதாக்கினேன். மாடிப்படி ஏறி இறங்கிக் கால் கழன்றது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “அரிசி டப்பாவுக்கு பூஜையா?” என்றார். “ஆமா, நீங்களும் விழுந்து கும்பிட்டுட்டுப் போங்க” என்றேன்.

புதுப் பாடத்தின் கோடு வந்தபோது தங்கை முதலில் பதறினாள். “அய்யோ, அளவு எடத்துல மேடே காணோம். அந்த ஒரு எடத்துலயாச்சும் திரும்பப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, அதையும் போக்கிட்டியே.”

“அதுக்குத்தான்டி இந்தப் பாடு பட்டேன். மொத தடவையே தெரிஞ்சிருச்சு, எதுக்குத் தட்டணும்?”

பள்ளத்தாக்கும் இல்லை. கோடு கைக்குழியைத் தாண்டி, ரவிக்கையில் கையை வைத்துத் தைக்கும் இடம் வரைக்கும் வழக்கமான மெல்லிய சரிவோடு போனது. கடைசிவரை ஆட்கள் இருந்தார்கள். ஒரே ஒரு மேடுதான் மிச்சம். கத்தரி வளைவில் திரும்புகிற இடம், அவள் கை.

அவள் அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, அடுத்த பாடத்துக்குத் துணி எடுக்கப் போனாள். ஒரு பாடத்தின் கோடுதானே, இன்னும் நாலு பார்த்தால்தான் உறுதி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த பாடம் எடுக்கிற அன்று கோட்டுச்சேரிமேட்டுப் பெண் மாடிப்படி ஏறி வந்தாள். ஒரு பையில் புது ரவிக்கை, இன்னொரு பையில் வெட்டாத துணி. ரவிக்கையை உதறிக் காட்டினாள். கைத்துணி கைக்குழியில் அழகாகப் பொருந்தியிருந்தது. தங்கை வழக்கம்போல முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

“அளவெல்லாம் தெரியுதாம்மா இப்ப?” என்று நான் கேட்டேன்.

“அது பளிச்சுன்னு தெரியுதுங்க. அது பிரச்சன இல்ல. அந்தக் கத்தரி திரும்புற எடத்ததான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறேன். அக்கா கை எப்படியோ வழுக்கிட்டுப் போவுது. எனக்கு அந்த எடத்துல வளைவு வராம முக்கு விழுந்துருது.” அவள் துணியைக் கட்டிங் டேபிளில் விரித்து, கத்தரியை எடுத்து, என் தங்கைக்கு முன்னால் தன் கையை நீட்டினாள். “என் கையப் புடிச்சு ஒருதரம் ஓட்டிக் காட்டுங்கக்கா.”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே கேமரா வயரைச் சுருட்டத் தொடங்கினேன். முந்தானை விலகியது. பிறகு துணி வெட்டுப்படும் ஓசை கேட்டது, வளைவில் கொஞ்சம் நிதானித்து, மறுபடி ஓடியது.

அந்தப் பெண் போன பிறகு கேமராவைப் பொருத்தினேன். ஒப்பந்தம் அந்த ஒரு பாடத்துக்குத்தான் என்பதால், லைட்டை மறுபடி வழக்கமான இடத்தில், அதாவது அவளுக்குப் பிடித்த தூரத்தில் வைத்தேன். அவள் துணியை நீவிவிட்டு, கத்தரியை எடுத்து, திரையில் தன் கையைப் பார்த்தாள்.

“அக்கா” என்றாள். “அந்த லைட்டக் கொஞ்சம் கிட்ட வையி. திரும்புற எடம் சரியாத் தெரியல.”